விலகியவர் கணக்கில் விழும் ஆதாயம்

பகாவ் வட்டாரத்தில் ஜெராம் பாடாங், ஆயர் ஈத்தாம், ரொம்பின் பக்கம் பத்தாங் ஜெலாய், ரந்தாவில் கொம்போக், பெடாசில் உலு பெடாஸ். நெகிரி செம்பிலானில் கோலாலம்பூர் கெப்போங் நிறுவனம், அதாவது நம்மவர் சொல்லும் கேஎல்கே, வைத்திருக்கும் தோட்டங்களில் சில இவை. இத்தோட்டங்களின் பெயர்கள் அந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் சொத்துப் பட்டியலில் வரும். அங்கே ரப்பர் வெட்டியவர்களும் செம்பனைக் குலை அறுத்தவர்களும் வருவது வேறோர் இடத்தில். நிதியறிக்கையின் பின்பகுதியில், பங்குதாரர்கள் அனேகமாகப் புரட்டாத ஏதோ ஒரு பக்கத்தில், ஓய்வுக்கால நன்மைகள் பற்றிய குறிப்பு என்று ஒன்று இருக்கும். அதில்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குறிப்பு சொல்வது இதுதான். மலேசியத் தோட்டங்களில் தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தப்படி ஓய்வுக்கொடை தரப்படுகிறது. கடைசியாக வாங்கிய சம்பளம், வேலை செய்த ஆண்டுகள், ஒப்பந்தத்தில் கண்ட விகிதம் ஆகிய மூன்றும் தொகையைத் தீர்மானிக்கின்றன. இதற்கென்று தனி நிதி எதுவும் ஒதுக்கி வைக்கப்படவில்லை. ஒப்பந்தம் குறிப்பிடும் ஓய்வு வயதை எட்டும் முன் ஒருவர் விலகிவிட்டால் அவர் பெயரிலிருந்த ஒதுக்கீடு திருப்பி எழுதப்பட்டு நிறுவனத்துக்கே சேரும்.

கடைசி இரண்டு வாக்கியங்களும் கணக்காளருக்கு வெறும் நடைமுறை விளக்கம். தோட்டத் தொழிலாளிக்கு அவை வேறு. அவை எப்படி ஓர் ஆண்டின் செலவாக உருமாறுகின்றன என்பதைப் பிரித்துப் பார்த்தால், சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் இதுவரை போதிய அழுத்தம் தராத இரண்டு கேள்விகள் வெளியே வரும் என்பது என் கருத்து.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடலாம். இது ஊழியர் சேமநிதி அல்ல. 1951இல் தொடங்கிய சேமநிதியில் முதலாளி மாதாமாதம் தன் பங்கைக் கட்டுகிறார். 5,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவாகவும் வாங்குவோருக்கு அந்தப் பங்கு 13 விழுக்காடு. கட்டியதும் அவர் கடமை முடிந்தது. பணம் தொழிலாளியின் பெயரில் வாரியத்தில் கிடக்கிறது. தோட்டம் மாறினாலும் முதலாளி மாறினாலும் அது அவருடையதே. இதில் ஆண்டுச் செலவு என்பது கட்டிய தொகைதான். கணிப்புக்கோ ஊகத்துக்கோ இடமில்லை.

ஓய்வுக்கொடை அப்படியல்ல. அது வாக்குறுதி. இன்று பால் வெட்டுகிறவருக்கு, அவர் ஓய்வு பெறும் நாளில், அன்றைய சம்பளத்தை வைத்து ஒரு தொகை தருவேன் என்கிற வாக்கு. அன்று அவர் சம்பளம் என்னவாக இருக்கும், அதுவரை அவர் இருப்பாரா என்பது யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு இந்த ஆண்டு எவ்வளவு செலவு எழுதுவது? அதற்காகத்தான் ஆக்சுவரி எனப்படும் கணிப்பாளரை வைத்துச் செலவை நான்கு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள்: பணிச் செலவு, வட்டிச் செலவு, நிதியிலிருந்து எதிர்பார்க்கும் வருமானம், கணிப்பு ஆதாயம் அல்லது இழப்பு.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 50. இருபது ஆண்டு வேலை செய்துவிட்டார். 60 வயதில் ஓய்வு. சம்பளம் 1,500 ரிங்கிட். ஓய்வுக்கொடை, ஓராண்டு வேலைக்கு அரை மாதச் சம்பளம் என்று வைப்போம். இது கணக்குக்காக நான் போட்டுக்கொண்ட விகிதம், எந்த ஒப்பந்தத்திலிருந்தும் எடுத்ததல்ல. சம்பளம் ஆண்டுக்கு 2 விழுக்காடு உயரும், தள்ளுபடி வட்டி விகிதம் 5 விழுக்காடு என்று ஆக்சுவரி எடுத்துக்கொள்கிறார்.

பத்தாண்டு கழித்து அவர் சம்பளம் ஏறக்குறைய 1,828 ரிங்கிட் ஆகியிருக்கும். அதில் பாதி 914. அவர் வேலை செய்யும் ஒவ்வோர் ஆண்டும் 60 வயதில் கைக்கு வரவேண்டிய 914 ரிங்கிட்டைச் சம்பாதித்துத் தருகிறது. இருபது ஆண்டுக்கு அது 18,285. ஆனால் கொடுப்பது பத்தாண்டு கழித்துத்தானே. ஆகவே 5 விழுக்காட்டில் இன்றைய மதிப்புக்குக் கழித்தால் 11,225 ரிங்கிட். ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் அவருக்குப் பட்டிருக்கும் கடன் இது.

இந்த ஆண்டு அவர் இன்னும் ஓராண்டு உழைக்கிறார். இன்னொரு 914 சேர்கிறது. ஆண்டு முடிவில் அதன் மதிப்பு 589 ரிங்கிட். இதுதான் பணிச் செலவு. பழைய கடன் ஓராண்டு நெருங்கி வந்துவிட்டதால் அதற்கு 5 விழுக்காடு, அதாவது 561 ரிங்கிட், கூடுகிறது. இது வட்டிச் செலவு. ஆக ஆண்டு இறுதியில் கடன் 12,375 ரிங்கிட், இலாப நட்டக் கணக்கில் எழுதும் செலவு 1,150.

வட்டிச் செலவு என்றதும் யாரோ வங்கிக்குக் கட்டிய வட்டி என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கும் எதுவும் கட்டப்படவில்லை. தொழிலாளிக்குத் தரவேண்டியதை நிறுவனம் தன்னிடமே வைத்து நடத்துகிறது. அந்தக் கடனுக்கான வட்டி அது. இருபது ஆண்டு வேலை செய்தவர் விஷயத்தில் வட்டி ஏறத்தாழப் பணிச் செலவை எட்டிப் பிடித்துவிட்டதைக் கவனியுங்கள். முப்பது ஆண்டுக்காரர் கணக்கில் அது பணிச் செலவைத் தாண்டிவிடும். வயதான தொழிலாளர்கள் மிகுந்த தோட்டத்தில் ஓய்வுக்கொடைச் செலவின் பெரும்பகுதி, இவ்வாண்டு நடந்த வேலைக்கானதே அல்ல.

மூன்றாவது துண்டுதான் நெகிரி செம்பிலானில் காலியாக இருக்கிறது. பல நாடுகளில் ஓய்வூதிய வாக்குறுதிக்கு எதிராக ஒரு நிதியை ஒதுக்கி, அதைத் தனி அறங்காவலர்களிடம் விட்டு, பங்கிலும் பத்திரத்திலும் முதலீடு செய்வார்கள். அந்த நிதி ஈட்டும் வருமானம் செலவிலிருந்து கழியும். நிதியே இல்லாத இடத்தில் கழிக்க ஒன்றுமில்லை. வட்டிச் செலவு முழுசாக நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கேஎல்கேயின் அதே குறிப்பில் சில வரிகள் கீழே இறங்கினால் சுவிட்சர்லாந்து வரும். அங்கே கேஎல்கேக்குச் சொந்தமான கோல்ப் என்ற இரசாயன நிறுவனம் இருக்கிறது. அதன் ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனம் பணம் கட்டுகிறது. அதற்கென்று நிதி இருக்கிறது, முதலீடு இருக்கிறது. ஒரே முதலாளி, ஒரே ஆண்டறிக்கை, ஒரே குறிப்பு. சுவிஸ் ஊழியருக்கு நிதி உண்டு, ஜெராம் பாடாங் தொழிலாளிக்கு இல்லை. முதலாளியின் மனம் அங்கே இளகியதும் இங்கே இறுகியதும் காரணமல்ல. 1985 முதல் சுவிட்சர்லாந்தில் தொழில்சார் ஓய்வூதியச் சட்டம் நடப்பில் இருக்கிறது. ஓய்வூதியப் பணத்தை நிறுவனத்தின் கல்லாவிலிருந்து பிரித்துத் தனி அமைப்பிடம் வைக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மலேசியாவில் ஓய்வுக்கொடையைக் கட்டாயமாக்கும் சட்டமே கிடையாது. அது சங்கமும் தோட்ட முதலாளிகளின் அமைப்பான மாபாவும் உட்கார்ந்து எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் மட்டும் உயிர் வாழ்கிறது. இந்தியாவில் 1972இன் பணிக்கொடைச் சட்டம் செய்ததை இங்கே ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது.

நிதி இருப்பதால் எல்லாம் சுகம் என்றும் சொல்ல மாட்டேன். எதிர்பார்க்கும் வருமானம் என்ற துண்டு நெடுங்காலம் கணக்கை அழகுபடுத்தும் கருவியாக இருந்தது. நிதி எவ்வளவு ஈட்டியது என்பது முக்கியமல்ல. எவ்வளவு ஈட்டும் என்று நிர்வாகம் ஆண்டுத் தொடக்கத்தில் நம்பியதோ அதுவே செலவிலிருந்து கழிந்தது. நிதியில் 10 கோடி இருந்து, 8 விழுக்காடு வரும் என்று நம்பினால் செலவு 80 இலட்சம் குறையும். 5 விழுக்காடு என்று நம்பினால் 50 இலட்சம்தான். நம்பிக்கையை 3 விழுக்காடு உயர்த்தினாலே இலாபம் 30 இலட்சம் கூடும். பங்கு அதிகம் வாங்கி அபாயத்தைக் கூட்டிய நிர்வாகத்துக்கு முன்கூட்டியே பரிசு. 2011இல் பன்னாட்டுக் கணக்கியல் தரம் 19 திருத்தப்பட்டபோது இந்த வழி அடைக்கப்பட்டது. கடனுக்கு என்ன வட்டி விகிதமோ அதே விகிதம்தான் நிதிக்கும் என்றாயிற்று. மலேசியாவில் அதே தரத்தின் 119ஆம் எண் வடிவம் 2013 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அமெரிக்கக் கணக்கு முறையில் எதிர்பார்க்கும் வருமானம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நிதி வைக்காத தோட்டத்துக்கு அந்தத் திருத்தத்தின் இந்தப் பாதி தொடர்பில்லாதது. மறுபாதி தொடர்புள்ளது. அதுதான் நான்காவது துண்டு.

நம் கற்பனைத் தொழிலாளியிடம் திரும்புவோம். ஆண்டு இறுதியில் அவர் சம்பளம் 1,530 ஆகியிருக்கும் என்பது ஆக்சுவரியின் ஊகம். நாட்டில் நடந்தது வேறு. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே முதல் 1,500 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் 1,700. அப்படி ஓர் ஆணை அவர் கணக்கின் நடுவில் வந்து விழுகிறது என்று வையுங்கள். 1,530க்குப் பதில் 1,700. ஓய்வுக்கொடை கடைசிச் சம்பளத்தை வைத்து என்பதால், வேலை செய்து முடித்த 21 ஆண்டுகளின் மதிப்பும் ஒரேயடியாக ஒன்பதில் ஒரு பங்கு ஏறுகிறது. 12,375 இருந்த கடன் 13,750 ஆகிறது. இடைவெளி 1,375 ரிங்கிட். இதுவே கணிப்பு இழப்பு. ஓராண்டின் பணிச் செலவும் வட்டிச் செலவும் சேர்ந்தே 1,150தான் என்பதை நினைவில் வைத்துப் பாருங்கள். ஓர் அரசாணை, ஓராண்டு முழுச் செலவைவிடப் பெரிய சுமையை ஒரே நாளில் ஏற்றிவிட்டது. குறைந்தபட்சச் சம்பளம் உயரும்போதெல்லாம் தோட்ட முதலாளிகள் முகம் சுளிப்பதற்குப் பின்னால் மாதச் சம்பளப் பட்டியல் மட்டும் இல்லை.

அப்படியானால் அந்த ஆண்டு இலாபம் 1,375 குறையுமா? குறையாது. 2013க்குப் பிந்திய விதிப்படி கணிப்பு இழப்பு, இலாப நட்டக் கணக்கைத் தொடாமல் ஏனைய முழுமை வருமானம் என்ற அடுத்த பெட்டிக்குப் போய், அங்கிருந்து நேராக மூலதனத்தில் கழிகிறது. பிந்திய எந்த ஆண்டிலும் அது இலாப நட்டக் கணக்குக்குத் திரும்பி வராது. கடன் மட்டும் இருப்புநிலைக் குறிப்பில் முழுசாகத் தெரியும்.

2013க்கு முன் அதுகூட இல்லை. கடனில் பத்து விழுக்காடு வரையான கணிப்பு இழப்பை இலாப நட்டக் கணக்கிலோ இருப்புநிலைக் குறிப்பிலோ ஏற்றாமல் விட்டுவிட அனுமதி இருந்தது. அதற்கு மேற்பட்டதை மட்டும் தொழிலாளர்களின் மீதிப் பணிக்காலம் முழுதும் பரப்பிச் சிறிது சிறிதாக எழுதினால் போதும். நம் கணக்கில் புதிய கடனான 13,750இல் பத்து விழுக்காடு எவ்வளவு? 1,375. அந்தப் பழைய வேலி இன்றும் இருந்திருந்தால் அச்சாக அதற்குள் அடங்கி, ஒரு சென் கூடச் செலவில் தெரிந்திருக்காது. இந்த வேலியைப் பிடுங்கியது நல்ல காரியம். ஆனால் ஓய்வுக்கொடைச் செலவு எவ்வளவு என்று சங்கம் இலாப நட்டக் கணக்கை மட்டும் பார்த்துப் பேசினால் இன்றும் பாதிக் கதைதான் கையில் கிடைக்கும்.

இழப்பு பற்றிப் பேசினோம். ஆதாயம் எங்கிருந்து வருகிறது? தள்ளுபடி விகிதம் ஏறினால் கடன் சுருங்கும், ஆதாயம் வரும், இறங்கினால் எதிர்மாறு. நம்மவர் கணக்கில் ஆண்டுத் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்குப் பதில் 4 என்று போட்டால் 11,225 என்பது 12,350ஐத் தாண்டும். அவருக்கு ஒரு காசும் கூடுவதில்லை. பத்திரச் சந்தை நகர்ந்ததன் விளைவு மட்டும் இது. இவ்வகை ஆதாயத்தில் எனக்குப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது இன்னொரு வகை. இதுவரை நம் தொழிலாளி 60 வயதுவரை கட்டாயம் இருப்பார் என்று எடுத்துக்கொண்டோம். ஆக்சுவரி அப்படி எடுக்க மாட்டார். வயதுவாரியாக இத்தனை பேர் இடையில் விலகுவார்கள் என்று ஒரு விலகல் விகிதம் வைத்திருப்பார். விலகுபவருக்கு ஓய்வுக்கொடை இல்லை. நம்மவரைப் போல் நூறு பேர், அவர்களில் நாற்பது பேர் ஓய்வு வயதுக்கு முன் போய்விடுவார்கள் என்று ஊகம் என்றால், 58,900 ரிங்கிட்டாக இருக்க வேண்டிய அந்த ஆண்டின் பணிச் செலவு 35,340 ஆகத்தான் எழுதப்படும். எதிர்பார்த்த விலகல் ஆதாயமாகக் கூடக் கண்ணில் படாது என்பதுதான் இங்கே நுட்பம். அது தொடக்கத்திலேயே செலவைக் குறைத்துவிடுகிறது. நாற்பது எதிர்பார்த்து ஐம்பது பேர் போனால், கூடுதலாகப் போன அந்தப் பத்துப் பேரின் பங்கு மட்டும் அனுபவ ஆதாயம் என்று குறிப்பில் எட்டிப் பார்க்கும். நாற்பது பேர் என்ன ஆனார்கள் என்பதற்கு எந்தப் பக்கத்திலும் தடயம் இருக்காது.

அவர்கள் யார்? சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்குப் பெயர்ந்தவர், பிள்ளைகளோடு தாமானுக்குக் குடிபோனவர், முதுகு வலியால் குலை அறுக்க முடியாமல் 48 வயதில் நின்றுவிட்டவர். வேலை செய்த ஆண்டுகள் பொய்யாகிவிடவில்லை. அந்த ஆண்டுகளில் நிறுவனம் அவர்களுக்காகச் செலவு எழுதியதும் பொய்யல்ல. சேமநிதியைத் தோட்டத்துக்கு வெளியே எடுத்துச் செல்ல முடிந்த அவர்களால் ஓய்வுக்கொடையை வாசல் தாண்டி எடுத்துச் செல்ல முடியவில்லை. நோயால் விலகுபவர், இறந்துபோகிறவர் ஆகியோருக்கு ஒப்பந்தம் தனி வழி செய்திருந்தால் அது வேறு. தானாக விலகுபவருக்கு எத்தனை ஆண்டுக்குப் பிறகாவது உரிமை உறுதியாக வேண்டாமா என்பதே கேள்வி. அமெரிக்காவில் 1974இன் ஓய்வூதியச் சட்டம் இதற்காகவும்தான் வந்தது: இத்தனை ஆண்டு வேலை செய்தவரின் சம்பாத்தியத்தை அவர் விலகினார் என்பதற்காகப் பறிக்கக் கூடாது என்று.

2013இல் இன்னொன்றும் நடந்தது. குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்து, தனியார் துறையில் 60க்கு முன் ஓய்வு கொடுக்க முடியாது என்றாயிற்று. தொழிலாளிக்கு அது பாதுகாப்பு. மேலும் ஐந்தாண்டு சம்பளம். ஓய்வுக்கொடைக் கணக்கில் அதன் நிழல் வேறு பக்கம் விழுகிறது. 55இல் தரவேண்டியதை 60இல் தருவதாக மாறினால், 2 விழுக்காட்டுச் சம்பள உயர்வும் 5 விழுக்காட்டுத் தள்ளுபடியும் வைத்துப் பார்க்கையில், ஏற்கெனவே சம்பாதித்த பகுதியின் இன்றைய மதிப்பு 13 விழுக்காட்டுக்கு மேல் இறங்குகிறது. இடையில் விலகுவதற்கு மேலும் ஐந்தாண்டு வாய்ப்பு கிடைப்பது இதில் சேராது. ஒப்பந்தம் விருப்ப ஓய்வு வயது என்று முந்திய வயதொன்றைக் காப்பாற்றி வைத்திருக்கும் இடத்தில் இந்தப் பாதிப்பு குறையும். அதனால்தான் அந்த ஒரு சொல்லைப் பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுப்பது, சம்பளத்தில் சில சென் விட்டுக்கொடுப்பதைவிடக் கனமான விஷயம்.

கணக்கு காணாத ஒன்றும் நெகிரி செம்பிலானுக்கு உரியது. லாபு, நீலாய், சிரம்பான் சுற்று வட்டாரத்தில் தோட்ட நிலம் வீட்டுமனையாக மாறிக்கொண்டே வருகிறது. ஆக்சுவரி 60 வயதுவரை கணக்குப் போடும் ஒருவரின் தோட்டமே அவர் 55ஐத் தொடும் முன் இருக்குமா என்பது ஐயம். நிறுவனம் முறைப்படி முடிவெடுத்துத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்வரை மூடுவிழாச் செலவு கணக்கில் ஏறாது. மூடப்பட்டால் 1980இன் பணிநீக்க நன்மை விதிகள் வரும்: ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். புதிய உரிமையாளர் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்தால் அதுவும் இல்லை. அப்போது பழைய ஆண்டுகளின் ஓய்வுக்கொடைக் கடன் யார் தலையில் என்பது விற்பனைப் பத்திரத்தில் எழுதப்படுவதைப் பொறுத்தது. தனி நிதி இருந்திருந்தால் இந்தக் கேள்வியின் கூர்மை பாதியாவது மழுங்கியிருக்கும்.

முதலாளி தரப்பிலும் நியாயம் உண்டு. நிதியை ஒதுக்கினால் அந்தப் பணம் மறுநடவுக்கோ ஆலைக்கோ உதவாது. தோட்டத்தில் உள்ளூர்த் தொழிலாளர் குறைந்து, வேலையின் பெரும்பகுதியை வெளிநாட்டுத் தொழிலாளர் செய்யும் நிலையில், சுருங்கிவரும் ஒரு கூட்டத்துக்காக அறங்காவலர், முதலீட்டு நிர்வாகம் என்று செலவிடுவது சிறிய தோட்டங்களுக்குக் கட்டுப்படியாகாது. பெரிய நிறுவனங்களின் கடன், அவற்றின் சொத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கொடுக்க முடியாமல் போகும் அபாயம் இன்று இல்லை. இவையெல்லாம் உண்மை. ஆனால் கூட்டம் சுருங்குகிறது என்பது நிதி ஒதுக்க எளிதாகிறது என்பதற்கும் காரணமாகும். அத்துடன் உரிமை உறுதிப்பாட்டுக்கு நிதி தேவையில்லை. ஒப்பந்தத்தில் ஒரு விதி போதும். பத்தாண்டு வேலை செய்தவர் எப்போது விலகினாலும், அதுவரை சம்பாதித்ததை விலகும் நாளின் சம்பளத்தில் கணக்கிட்டுத் தருவது என்ற விதி. நம் கற்பனைத் தொழிலாளி ஆண்டு முடிவில் விலகினால் 21 ஆண்டுக்கு, 1,700இல் பாதி வீதம், 17,850 ரிங்கிட். இப்போதைய விதியில் அவருக்கு வருவது பூச்சியம்.

அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தார், முதலில் பெரிய நிறுவனங்களின் கடந்த சில ஆண்டு அறிக்கைகளை எடுத்து ஓய்வுக்கால நன்மைகள் குறிப்பை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கலாம். தரம் 119, கணிப்பு ஆதாய இழப்பை மக்கள்சார் ஊகங்களால் வந்தது, நிதிசார் ஊகங்களால் வந்தது என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. ஊகத்துக்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாடான அனுபவ வரியும் வழக்கமாக அந்த அட்டவணையில் கிடைக்கும். அனுபவ வரியில் ஆண்டுக்காண்டு தொடர்ந்து ஆதாயமே வந்தால் ஊகங்கள் ஒரு பக்கமாகவே தவறுகின்றன என்று பொருள். விலகல் விகிதம் அதற்கு முதல் சந்தேக நபர். குறைந்தபட்சச் சம்பளம் ஏறிய ஆண்டிலும் அந்த வரியில் இழப்பு தெரியவில்லை என்றால், சம்பள இழப்பை விலகியவர்களின் ஆதாயம் விழுங்கியிருக்கலாம். தள்ளுபடி விகிதம், சம்பள உயர்வு விகிதம் இவ்விரண்டும் வழக்கமாக அறிக்கையிலேயே இருக்கும்; அவை சற்று மாறினால் கடன் எவ்வளவு மாறும் என்ற உணர்திறன் அட்டவணையும் இருக்கும். விலகல் விகிதம் அங்கே அபூர்வம். ஆக்சுவரியின் அறிக்கையில் அது வயதுவாரியாக ஒரே பக்கத்தில் இருக்கும். மாபாவிடம் சங்கம் கேட்டு வாங்க வேண்டிய பக்கம் அது.